அமுங்கிய பட்டன் ஏன் எழவில்லை?

ஃபிளஷ் டேங்க் மூடியின் நடுவே இரண்டு பட்டன்கள். பெரியதை அமுக்குகிறோம், தண்ணீர் இரைந்து இறங்குகிறது. அதன்பின் டேங்க் நிரம்பி, சத்தம் அடங்க வேண்டும். அடங்கவில்லை. கோப்பைக்குள் எட்டிப் பார்த்தால் பின்சுவரில் மெல்லிய தாரையாகத் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது. பட்டனோ குழிக்குள் இறங்கியபடி கிடக்கிறது. நகத்தால் நெம்பினால் 'டக்' என்று மேலே வருகிறது, வழிவதும் நின்றுவிடுகிறது. சில நாட்கள் வீட்டில் எல்லோரும் நெம்பிப் பழகிக்கொள்வார்கள். பிறகு பிளம்பர் வருவார். மூடியைத் தூக்கும் முன்பே, "உள்ள செட்டு போயிருக்கும் மேடம், முழுசா மாத்திடலாம்" என்பார்.

முழு செட்டையும் மாற்றினால் கோளாறு போய்விடும், அதில் பொய்யில்லை. ஆனால் கோளாறு ஏதாவது ஒரு பக்கத்தில்தான் இருக்கும். ஒன்று, மூடியோடு சேர்ந்த பட்டனும் அதன் அடியில் தொங்கும் ராடுகளும். இன்னொன்று, டேங்குக்குள் தண்ணீரில் நிற்கும் வால்வு. எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஸ்பேனர்கூடத் தேவையில்லை, ஒரு விரல் போதும். அதைச் செய்யாமல் செட்டை மாற்றினால், நல்ல வால்வைத் தூக்கி எறிந்துவிட்டு அழுக்கேறிய பட்டனையே திரும்ப மாட்டுவதும் நடக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். டேங்கின் நடுவே நிமிர்ந்து நிற்கும் பிளாஸ்டிக் கோபுரம்தான் ஃபிளஷ் வால்வு. அதற்குள் மேலும் கீழும் நகரும் ஒரு குழாய் இருக்கிறது. குழாயின் அடியில் ஒரு ரப்பர் வாஷர். அந்த வாஷர், கோப்பைக்குப் போகும் துவாரத்தின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரை அடைத்து வைத்திருக்கிறது. கோபுரத்தின் உச்சியில் இரண்டு அமுக்குக் கட்டைகள் உண்டு. மூடியில் உள்ள பட்டனை அழுத்தும்போது அதன் அடியில் இருக்கும் ராடு இறங்கி இந்தக் கட்டையை அமுக்குகிறது. கட்டை ஒரு நெம்புகோலைத் தள்ள, குழாய் மேலே எழும்புகிறது. வாஷர் விலகி தண்ணீர் பாய்கிறது. பெரிய பட்டனுக்கு முழுத் தண்ணீர், சின்னதற்குப் பாதி. 1980இல் ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனத்தில் புரூஸ் தாம்ப்சன் இந்த இரட்டைப் பட்டன் முறையை வடிவமைத்தபோது அளவு 11 லிட்டரும் ஐந்தரை லிட்டருமாக இருந்தது. இன்று நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் 6 லிட்டர், 3 லிட்டர் வகை.

இதில் கவனிக்க வேண்டிய இடம், வால்வு மூடிக்கொள்ளும் விதம். எழும்பிய குழாயை ஒரு மிதவை கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கிறது. தண்ணீர் மட்டம் இறங்கியதும் மிதவை விட்டுவிட, குழாய் தன் எடையால் கீழே விழுந்து அடைத்துக்கொள்கிறது. அதைக் கீழே தள்ள வலுவான ஸ்பிரிங் எதுவும் பெரும்பாலான மாடல்களில் கிடையாது. பிளாஸ்டிக் குழாயின் எடை எவ்வளவு இருந்துவிடும்? அதனால் வழியில் சின்னத் தடை இருந்தாலும் அது பாதியில் நின்றுவிடும். பட்டனை மேலே தூக்கும் ஸ்பிரிங்கும் மெல்லியதுதான். குழந்தைகூட ஒரு விரலால் அமுக்க வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் இலகுவாகச் செய்திருக்கிறார்கள். இலகுவாகச் செய்ததால்தான் இவ்வளவு சீக்கிரம் சிக்குகிறது.

இப்போது மூடியைத் திறக்கலாம். பீங்கான் மூடியை வெடுக்கென்று தூக்காதீர்கள். சில மாடல்களில் பட்டனின் வளையம் மூடியை டேங்கோடு பிணைத்திருக்கும். அந்த வளையத்தை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றிய பின்தான் மூடி வரும். இன்னும் சிலவற்றில் சின்னப் பட்டனை நெம்பி எடுத்தால் அடியில் ஒரு ஸ்குரூ தெரியும். ராடுக்குப் பதிலாகக் கேபிள் இருக்கும் மாடல்களும் உண்டு. அவற்றில் மூடியை இழுத்தால் கேபிள் அறுந்துவிடும். ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் கொஞ்சம் உயர்த்தி, அடியில் ஏதாவது இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முழுதாக எடுங்கள். எடுத்ததை மடித்த துணியின் மேல் வையுங்கள். டேங்கில் இருக்கும் தண்ணீர், குழாயிலிருந்து வந்த சுத்தமான தண்ணீர்தான். கை விட அருவருப்புப் பட வேண்டியதில்லை.

விரல் சோதனைக்கு டேங்க் நிரம்பியிருக்க வேண்டும். மூடி இல்லாமல், கோபுரத்தின் உச்சியில் இருக்கும் கட்டையை விரலால் நன்றாக அமுக்கி விடுங்கள். தண்ணீர் இறங்கி முடிந்ததும் குழாய் 'தொப்' என்று விழுவது காதில் கேட்க வேண்டும். கட்டை மேலே எழும்ப வேண்டும். கோப்பையில் வழிவது நிற்க வேண்டும். டேங்க் நிரம்பிய பிறகு அடுத்த கட்டையையும் அமுக்கிப் பாருங்கள். ஒரு முறை சரியாக விழுந்தது என்று விட்டுவிடாமல் இன்னும் சில முறை பார்ப்பது நல்லது, ஏனென்றால் சிக்கும் வால்வு ஒவ்வொரு தடவையும் சிக்குவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒழுங்காக மூடினால் வால்வு மேல் குற்றமில்லை. கோளாறு மூடியோடு கழன்று வந்துவிட்டது. விரலால் அமுக்கியும் குழாய் மேலேயே நின்றால், பட்டனை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

அடுத்து பட்டன். மூடியைக் கவிழ்க்காமல், டேங்கின் மேல் எப்படி இருக்குமோ அப்படியே கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பட்டன்களையும் அமுக்குங்கள். கவிழ்த்துப் பிடித்தால் பட்டனின் எடையே அதை எழுப்பிவிடும், சோதனை தப்பாகிவிடும். இரண்டும் தடையில்லாமல் எழ வேண்டும். ஒன்று மந்தமாக எழுந்தாலோ, பாதியில் நின்றாலோ, பட்டனுக்கும் வளையத்துக்கும் இடையே அழுக்கு இருக்கிறது. பெரும்பாலும் அது சோப்புப் பிசுக்கும் உப்பும் சேர்ந்து காய்ந்த வெள்ளைப் படிவுதான். மூடியின் அடியில் இருக்கும் பெரிய பிளாஸ்டிக் நட்டைக் கையால் திருகினால் பட்டன் முழுதாகக் கழன்று வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் விளிம்பைச் சுற்றித் தேய்த்தால் பெரும்பாலும் போதும். ஸ்பிரிங் துருப்பிடித்தோ, உடைந்தோ இருந்தால் பட்டனை மட்டும் மாற்றலாம். தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீடுகளில் முதலில் தோன்றும் வைத்தியம். இரண்டு வாரம் வழுக்கும், பிறகு தூசியைப் பிடித்து முன்னைவிடக் கெட்டியாகச் சிக்கும். உள்ளே சொட்டினால் ரப்பருக்கும் கெடுதல். ஏதாவது தடவியே ஆக வேண்டும் என்றால் ஹார்டுவேர் கடையில் சிலிக்கோன் கிரீஸ் கேட்டு வாங்கி, பட்டனின் பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் தடவுங்கள்.

வால்வும் நன்றாக இருக்கிறது, பட்டனும் கையில் நன்றாக எழுகிறது, ஆனால் மூடியை வைத்ததும் சிக்குகிறது என்றால்? பலர் குழம்பிப்போய்ச் செட்டை மாற்றுவது இந்த இடத்தில்தான். மடிப்பாக்கத்தில் என் அக்கா வீட்டு டேங்கில் நடந்தது இதுவே. விரல் சோதனையில் இரண்டு கட்டைகளும் தேறின. மூடியைக் கையில் பிடித்தபோது பட்டன்கள் துள்ளி எழுந்தன. மூடியை வைத்து அமுக்கினால் பெரிய பட்டன் மட்டும் நாலு முறைக்கு ஒரு முறை கீழேயே நின்றது. கோளாறு இரண்டுக்கும் நடுவில், ராடு கட்டையைத் தொடும் இடத்தில் இருந்தது. மூடி வைத்துவிட்டால் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்க எளிய வழி டூத்பேஸ்ட். இரண்டு ராடுகளின் நுனியிலும் பொட்டளவு பேஸ்ட்டைத் தடவி, மூடியை அதன் இடத்தில் மெதுவாக உட்கார வைத்து, பெரிய பட்டனை லேசாக ஒரு முறை அமுக்கிவிட்டு, மூடியை நேராக மேலே தூக்கினோம். கட்டையின் நடுவே விழ வேண்டிய வெள்ளைப் புள்ளி அதன் ஓரத்தில் இருந்தது. பாதிப் பேஸ்ட் இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் ஒட்டியிருந்தது. அந்த ஓரத்தில் பழைய கீறல் ஒன்றும் தெரிந்தது. ராடு சரிவாக இறங்கி, கட்டையின் விளிம்பைத் தாண்டி இடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் பட்டனால் எழ முடியவில்லை. ராடு கட்டையையும் கீழே பிடித்து வைத்திருந்ததால் வால்வும் முழுதாக மூடவில்லை.

ராடு ஏன் தள்ளி இறங்கியது? கோபுரத்தைப் பிடித்து லேசாக அசைத்தபோது அது ஆடியது. இந்த வகைக் கோபுரங்கள் அடியில் இருக்கும் தளத்தோடு கால் சுற்று திருகிப் பூட்டிக்கொள்பவை. யாரோ டேங்கைச் சுத்தம் செய்தபோது கழற்றிவிட்டு, திரும்பப் பூட்டும்போது முழுதாகத் திருகாமல் விட்டிருக்கிறார்கள். வலப்பக்கமாகத் திருகியதும் 'கிளிக்' என்று பூட்டியது, கட்டைகள் ராடுகளுக்கு நேராக வந்தன. மறுபடி பேஸ்ட் வைத்துப் பார்த்தபோது புள்ளி நடுவில் விழுந்தது. செலவு ஒன்றுமில்லை. எல்லா வீட்டிலும் கோபுரமே காரணமாக இருக்காது. மூடி சுவர்ப்பக்கம் விரலளவு நகர்ந்திருந்தாலும் இதேதான் நடக்கும். மூடியை முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டால் இன்னொரு கூத்து: பெரிய பட்டனுக்குப் பாதித் தண்ணீரும், சின்னதற்கு முழுத் தண்ணீரும் வரும்.

பேஸ்ட் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். பட்டனைத் தொடாமல் மூடியை வெறுமனே வைத்து எடுத்தாலே கட்டையில் வெள்ளை ஒட்டியிருந்தால், ராடு நீளம் அதிகம். அது சும்மா இருக்கும்போதும் கட்டையை மிதித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூடி இருந்தால் கோப்பையில் வழிகிறது, மூடியை எடுத்தால் நிற்கிறது என்பதும் இதன் அடையாளம். ராடு நுனிக்கும் கட்டைக்கும் இடையே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பல மாடல்களில் ராடு மரை போட்டிருக்கும்; திருகினால் நீளம் கூடும், குறையும். மரை இல்லாதவற்றை ஹாக்ஸா பிளேடால் அறுப்பார்கள். அறுத்ததை ஒட்ட முடியாது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக அறுப்பது நல்லது. ராடு குட்டையாகிவிட்டால் பட்டனை அடிவரை குத்தி அமுக்க வேண்டியிருக்கும். அப்படி ஆழமாக இறங்கும் பட்டன் வளையத்தின் கீழ்விளிம்பில் மாட்டிக்கொள்ளும். ஆகவே நீளம் கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை.

விரல் சோதனையில் வால்வே தோற்றுவிட்டால், ஆங்கிள் காக்கை வலப்பக்கம் திருகி மூடி, டேங்கைக் காலி செய்யுங்கள். கோபுரத்தை இரு கைகளாலும் பிடித்து இடப்பக்கம் கால் சுற்று திருகினால் பெரும்பாலும் கழன்று வரும். சன்னமான ரப்பர் குழாய் ஒன்று கோபுரத்தோடு இணைந்திருந்தால் முதலில் அதை விடுவித்துக்கொள்ளுங்கள். கோபுரம் கைக்கு வந்ததும் உள்குழாயை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். போர் தண்ணீர் வரும் வீடுகளில் அது சொரசொரவென்று நகரும். குழாய் உரசும் இடங்களில் சாம்பல் நிறத்தில் ஓடு கட்டியிருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் தண்ணீரின் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. கழிப்பறைத் தண்ணீருக்கு இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் கடினத்தன்மை கூடக்கூட இந்த ஓடும் சீக்கிரம் கட்டும்.

ஓட்டைச் சுரண்டி எடுக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் அடுத்த படிவு அங்கேதான் பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில், லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட் கலந்து, கோபுரத்தை ஓரிரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். மெல்லிய நுரை எழும்பும், ஓடு இளகிவிடும். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் குழாய் வழுக்கிக்கொண்டு விழும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். கழிப்பறை கழுவ வாங்கிவைத்திருக்கும் ஆசிட்டும் வேண்டாம்; அது பட்டனின் குரோம் பூச்சை உரித்துவிடும், ரப்பரையும் தின்னும். டேங்குக்குள் பிளீச்சிங் வில்லை போடும் வழக்கம் இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் எல்லாவற்றையும் கழுவிய பிறகே இந்த வேலையைத் தொடங்குங்கள். பிளீச்சிங்கோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் கழிப்பறைக்குள் அது ஆபத்து.

கோபுரம் கையில் இருக்கும்போதே அடி வாஷரைத் தடவிப் பாருங்கள். விரலில் கண்மை போலக் கறுப்பு ஒட்டினால் ரப்பர் கரையத் தொடங்கிவிட்டது. வேறு வாஷர் போடுங்கள். பள்ளம் விழுந்திருந்தாலும் அப்படியே. இருபக்கமும் ஒரே மாதிரி இருக்கும் தட்டை வாஷர் என்றால், புதியது கிடைக்கும் வரை திருப்பிப் போட்டுச் சமாளிக்கலாம். வாஷர் உட்காரும் விளிம்பையும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றி, மணல், கல் துணுக்கு ஏதும் இல்லை என்று பார்த்துவிடுங்கள். மேல்தொட்டி கழுவிய மறுநாள் வரும் கசிவுகளில் பலவற்றுக்கு அந்தத் துணுக்குதான் காரணம்.

கோப்பையில் வழிவதெல்லாம் பட்டனால் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீரை உள்ளே விடும் மிதவை வால்வு சரியாக மூடாவிட்டால், மட்டம் உயர்ந்து கோபுரத்தின் நடுக்குழாய் வழியாகக் கோப்பைக்குள் இறங்கும். ஆங்கிள் காக்கை மூடிவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் நடுக்குழாயின் வாய்க்குக் கீழேயும் இறங்கிக்கொண்டே போனால் அடி வாஷர் கசிகிறது. வாய் வரை வந்து நின்றுவிட்டால் குற்றவாளி மிதவை வால்வு. அது வேறு கதை.

சுவருக்குள் டேங்க் புதைத்த வீடுகளில் சுவரில் தெரியும் பட்டன் பலகைதான் வாசல். பலகையை மேலாகத் தள்ளியோ, அடியில் இருக்கும் ஸ்குரூவைக் கழற்றியோ எடுத்தால் பின்னால் இரண்டு நீள ராடுகள் தெரியும். இங்கும் நீளக் கணக்கு அதேதான். டைல்ஸ் மாற்றிச் சுவரின் தடிமன் கூடிய வீடுகளில் ராடு எட்டாமல் போவது சகஜம். காற்றழுத்தத்தில் இயங்கும் பட்டன் என்றால் ராடுக்குப் பதில் சன்னமான குழாய் இருக்கும். அது ஓட்டையானாலோ, கழன்றாலோ பட்டன் அமுங்கும், தண்ணீர் மட்டும் வராது.

நெம்புகோல் முறிந்திருந்தாலோ, கட்டையின் கீல் உடைந்திருந்தாலோ, அடித்தளத்திலிருந்தே தரையில் ஒழுகினாலோ பிளம்பரிடம் விட்டுவிடலாம். அடித்தளத்தை மாற்ற, இரண்டு துண்டாக வரும் கோப்பைகளில் டேங்கையே கழற்ற வேண்டியிருக்கும். போல்ட்டைக் கொஞ்சம் அதிகமாக முறுக்கினாலும் பீங்கான் விரிசல் விடும். புதுசு வாங்கப் போகும்போது பழைய கோபுரத்தையும் பட்டனையும் கையோடு கொண்டுபோங்கள். கோபுரத்தின் உயரம், அடித் துவாரத்தின் அளவு, மூடித் துளையின் விட்டம் மூன்றும் பொருந்த வேண்டும். அதே மாடல் கிடைத்தால் மேல்பகுதியை மட்டும் மாற்றினால் போதும், டேங்கைத் தொட வேண்டாம்.

அதுவரை, ஃபிளஷ் செய்யும் நேரம் தவிர மற்ற நேரத்தில் ஆங்கிள் காக்கை மூடியே வையுங்கள், அல்லது வாளியில் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி வழிந்தால் மணிக்கு 12 லிட்டர், ஒரு நாளைக்கு 288 லிட்டர். மொட்டை மாடியில் இருப்பது 500 லிட்டர் தொட்டி என்றால், அதில் பாதிக்கு மேல் யாரும் தொடாமலே போய்விடும்.